மழை நாளில் பிடிக்காத கிரிக்னார்டு: குடுவையா, ஈதரா?

மெக்னீசியம்_சீவல்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, கடலோர ஊர்க் கல்லூரி. பீனைல் மெக்னீசியம் புரோமைடு என்ற கிரிக்னார்டைச் செய்து, அதில் பென்சோபீனோனைச் சேர்த்து ட்ரைபீனைல்மெத்தனால் எடுக்க வேண்டும். வினை பிடிக்கவே இல்லை.

செய்ததைச் சொல்கிறேன். மூன்று கழுத்துக் குடுவை, கண்டன்சர், சொட்டு ஃபன்னல் எல்லாம் இரவு முழுக்க ஓவனில் 120 டிகிரியில் இருந்தன. மெக்னீசியம் 1.3 கிராம், புரோமோபென்சீன் 5.3 மி.லி., ஈதர் மொத்தம் 30 மி.லி. ஈதர் சோடியம் கம்பி போட்டு வைத்திருக்கும் பாட்டிலில் இருந்து எடுத்தது. மேலே கால்சியம் குளோரைடு கார்டு டியூப். ஒரு சிறு அயோடின் துண்டு போட்டு, புரோமைடில் கொஞ்சம் விட்டோம். அயோடின் நிறம் மெல்லப் போனது, ஈதரும் கொதித்தது. பிடித்துவிட்டது என்று மீதி புரோமைடு முழுவதையும் விட்டோம். அரை மணி கழித்துப் பார்த்தால் கரைசல் தெளிவாக இருக்கிறது, மெக்னீசியம் போட்டபடி பளபளப்பாகக் கிடக்கிறது.

குடுவை இப்போதும் ஹுட்டுக்குள் அப்படியே இருக்கிறது. காப்பாற்ற முடியுமா? ஓவனில் இன்னும் அதிக நேரம் வைத்திருக்க வேண்டுமா?

குறுக்குவழி

மெக்னீசியத்தில் ஆக்சைடு படலம் இருக்கும், அதுதான் காரணம். இன்னும் இரண்டு அயோடின் துண்டு போட்டு, 50 டிகிரி தண்ணீரில் வைத்து நன்றாகக் கலக்கிவிடுங்கள். எங்கள் லேபில் எப்போதும் அப்படித்தான். பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும்.

பழைய_ரியாக்டர்

குறுக்குவழி தம்பி சொன்னதை இப்போது செய்யாதீர்கள். அது தவறான யோசனை என்பதால் இல்லை, இந்தக் குடுவைக்கு ஆகாது என்பதால். மொத்தப் புரோமைடும் உள்ளே இருக்கிறது. இந்த வினையில் மோலுக்கு 200 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வரும். உங்களிடம் இருப்பது 0.05 மோல், அதாவது 10 கிலோஜூல். 30 மி.லி. ஈதர் என்பது 21 கிராம்தான். அது முழுவதையும் ஆவியாக்க 8 கிலோஜூல் போதும். தாமதமாகப் பிடித்து ஒரேயடியாக ஓடினால், கண்டன்சர் தாங்காமல் ஈதர் மேலே வழியாகப் பீய்ச்சும். பக்கத்தில் ஹாட்பிளேட் சூடாக இருந்தால் அதுவே பற்றவைத்துவிடும், தீப்பொறி தேவையில்லை.

முதலில் ஒரு ஐஸ் தொட்டியைத் தயாராகக் குடுவைக்குக் கீழே கொண்டுவரும் நிலையில் வையுங்கள். அப்புறம் இதைச் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் அறை வெப்பநிலை என்ன? கண்டன்சரில் ஓடிய தண்ணீர் எங்கிருந்து வந்தது? சோடியம் கம்பி என்ன நிறத்தில் இருக்கிறது?

மெக்னீசியம்_சீவல்

ஐஸ் வைத்துவிட்டோம் சார். அறையில் 32 இருந்தது. ஹுட்டுக்குள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கண்டன்சர் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியில் இருந்து வரும் குழாய்த் தண்ணீர், அது குளிர்ச்சியாக இல்லை என்று பாதியில் ஐஸ் தண்ணீரைக் கூலர் பம்ப் வைத்து ஓட விட்டோம். சோடியம் கம்பி வெள்ளையாக, பொடிப் பொடியாக உதிர்கிற மாதிரி இருக்கிறது. பாட்டிலில் குமிழி எதுவும் இல்லை. அதனால் நன்றாகக் காய்ந்த ஈதர் என்றுதான் நினைத்தோம்.

பழைய_ரியாக்டர்

சரி, கதை தெளிவாகிவிட்டது.

நீங்கள் பார்த்த கொதிப்பு வினையால் வந்ததே இல்லை. ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. உங்கள் அறையே 32. குடுவையைக் கையால் பிடித்தாலே கொதிக்கும். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைகளில் 'ஈதர் தானாகக் கொதிக்கத் தொடங்கும், அதுவே அடையாளம்' என்று இருக்கும். 20 டிகிரி அறையில் அது சரியான அடையாளம். நம் ஊரில் அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். உள்ளே வெப்பமானி வைத்தாலும் பயனில்லை, கொதிக்கும் ஈதர் எப்போதும் 35-ஐத்தான் காட்டும்.

அயோடின் நிறம் போனதும் சான்று இல்லை. மெக்னீசியம் அயோடினோடு சேர்ந்துவிட்டது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். பார்க்க வேண்டியது சீவலை. சீவலின் மேற்பரப்பில் இருந்தே குமிழி கிளம்ப வேண்டும், பளபளப்பு போய் அரித்தது போல் ஆக வேண்டும், கரைசல் முதலில் கலங்கி அப்புறம் சாம்பல் கலந்த பழுப்பாக மாற வேண்டும். அதற்குப் பிறகு குடுவையை 25 டிகிரி தண்ணீரில் இறக்குங்கள். அங்கேயும் விடாமல் கொதித்தால் பிடித்துவிட்டது. அடங்கிவிட்டால் அது அறை வெப்பத்தின் கொதிப்பு.

இப்போது ஈதர். சோடியம் கம்பி வெள்ளையாகிவிட்டால் அதன் மேல் ஹைட்ராக்சைடு ஓடு கட்டிவிட்டது. உள்ளே சோடியம் இருந்தாலும் ஈதரைத் தொடாது. குமிழி வராதது தண்ணீர் இல்லாததால் இல்லை, வேலை செய்ய உலோகம் வெளியே தெரியாததால்.

ஹுட்_நம்பர்_3

நானும் பாடம் எடுப்பவள்தான், மேலே சொன்னதற்கு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். மாணவர்கள் எப்போதும் கண்ணாடியைத்தான் சந்தேகப்படுவார்கள்.

ஓவனில் காய்ந்த குடுவையின் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் சில மில்லிகிராம்தான். ஈதரில் 1 சதவீதம் தண்ணீர் என்று வையுங்கள். அறை வெப்பத்தில் ஈதர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். 30 மி.லி.க்கு 0.21 கிராம், அதாவது 12 மில்லிமோல். உங்கள் புரோமைடு 50 மில்லிமோல். கிட்டத்தட்ட கால்வாசி போச்சு.

ஆனால் அதைவிட மோசமானது தொடக்கத்தில் நடப்பது. முதலில் 10 மி.லி. ஈதரும் புரோமைடில் பத்தில் ஒரு பங்கும் விடுகிறோம். அந்த ஈதரில் 4 மில்லிமோல் தண்ணீர், புரோமைடோ 5 மில்லிமோல். உருவாகிற கிரிக்னார்டு உடனே பென்சீனாகிச் சாகும். அதில் வரும் மெக்னீசியம் ஹைட்ராக்சி உப்பு சீவலின் மேலேயே படிந்து அடுத்ததையும் தடுக்கும். வினை மெதுவாக நடப்பதில்லை, நடக்கவே தொடங்குவதில்லை.

எல்.ஆர். கிரேடு ஈதரில் எத்தனாலும் கலந்திருக்கலாம், பாட்டில் லேபிளைப் பாருங்கள். அதுவும் தண்ணீர் போலவே கிரிக்னார்டைக் கொல்லும்.

ஈரோட்டு_ஈதர்

நான் ஈதரில் நீரற்ற சோடியம் சல்பேட் போட்டு, ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டுவேன். எல்லா வினைக்கும் அதுதான். மெக்னீசியம் சல்பேட் இன்னும் நல்லது என்கிறார்கள். இதற்குப் போதாதா?

பழைய_ரியாக்டர்

வினை முடிந்த பிறகு பிரிபுனலில் எடுத்த ஈதர் அடுக்கில் தண்ணீரை எடுக்க அது சரி. கிரிக்னார்டுக்கு முன்னால் போதாது. கண்ணுக்குத் தெரியும் ஈரத்தைத்தான் அது எடுக்கும். எத்தனாலையோ தொடாது.

நான் செய்வது இது. முதலில் பெராக்சைடு பார்ப்பேன். 1 மி.லி. ஈதரில் அமிலம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடு கரைசல் கொஞ்சம் விட்டுக் குலுக்கினால் மஞ்சளோ பழுப்போ வந்தால், அந்த ஈதரை அமிலம் கலந்த ஃபெரஸ் சல்பேட் கரைசலோடு குலுக்கி எடுக்க வேண்டும். இதை உலர்த்துவதற்கு முன்னால்தான் செய்ய முடியும், ஏனென்றால் இதில் தண்ணீரோடு குலுக்குகிறோம். அப்புறம் லிட்டருக்கு 100 கிராம் அளவில் நீரற்ற கால்சியம் குளோரைடு போட்டு, அவ்வப்போது குலுக்கி ஒரு நாள் வைப்பேன். கால்சியம் குளோரைடு தண்ணீரை மட்டுமல்ல, எத்தனாலையும் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் விடுவதில்லை. வடித்து, புதிதாகப் பிழிந்த சோடியம் கம்பி போடுவேன். முதல் நாள் குமிழி வரும், பாட்டிலை இறுக்கி மூடக் கூடாது, கார்டு டியூபோடு வைக்க வேண்டும். மறுநாள் கம்பி இன்னும் மினுமினுப்பாக இருந்தால் ஈதர் தயார். ஓடு கட்டியிருந்தால் வடித்து இன்னொரு முறை.

சோடியத்தில் நேராக ஈரமான ஈதரை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ரஜனும் ஈதர் ஆவியும் ஒன்றாக வரும். வேண்டாம். குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் பக்கமே சோடியத்தைக் கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும்.

கார்டு_டியூப்

இந்தக் காலத்தில் மாணவர் லேபில் சோடியம் கம்பி தேவையா சார்? 3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவ் போட்டு இரண்டு நாள் வைத்தால் வேலை முடிந்தது. மிச்சச் சோடியத்தை எப்படி அழிப்பது என்ற தலைவலியும் இல்லை.

பழைய_ரியாக்டர்

சீவ் நல்லதுதான். ஆனால் 300 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கியிருந்தால்தான். டப்பாவில் இருந்து அப்படியே எடுத்துப் போட்டாலோ, கண்ணாடி ஓவனில் 120-ல் வைத்தாலோ அது காய்வதில்லை. நிறைய கல்லூரிகளில் மஃபிள் ஃபர்னஸ் வேறு துறையில் பூட்டிக் கிடக்கும். கையுறை போட்ட உள்ளங்கையில் நாலு சீவ் உருண்டைகளை வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சூடு தெரியாவிட்டால் அந்தச் சீவ் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. சோடியம் கம்பியில் எனக்குப் பிடித்தது, அது கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியும் என்பதுதான்.

கார்டு_டியூப்

தெரிந்தும் இவர்களுக்குப் புரியவில்லையே. மாணவர் கையில் சோடியம் பிரஸ் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டீ_பிரேக்

எனக்கும் இதே பிரச்சினை. 4-புரோமோஃபீனால் எடுத்துக் கிரிக்னார்டு செய்கிறேன். ஈதர் புது பாட்டில், குடுவையும் காய்ந்தது. கொஞ்சம் குமிழி வருகிறது, வெள்ளையாக ஏதோ படிகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. எந்த ஈதர் வாங்கலாம்?

ஹுட்_நம்பர்_3

டீ_பிரேக், உங்கள் பிரச்சினை ஈதரில் இல்லை. உங்கள் மூலப்பொருளிலேயே ஃபீனால் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தன் பக்கத்தில் உருவாகும் கிரிக்னார்டைத் தானே கொல்கிறது. எவ்வளவு உலர்த்தினாலும் பிடிக்காது. ஃபீனாலை மூடி வைக்க வேண்டும், அல்லது 4-புரோமோஅனிசோலில் தொடங்க வேண்டும். தனி இழை போடுங்கள், பேசலாம்.

மெக்னீசியம்_சீவலுக்கு: கண்டன்சரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஈர நாளில் ஐஸ் தண்ணீர் ஓடும் கண்டன்சரின் வெளிப்பக்கம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் வழிந்து ஜாயின்டில் போய் நிற்கும், ஜாயின்ட் கொஞ்சம் தளர்ந்தால் உள்ளே. ஒரு சொட்டு 0.05 மி.லி. என்றால் அதுவே 3 மில்லிமோலுக்குக் கொஞ்சம் குறைவு. கண்டன்சரின் அடியில் டிஷ்யூத் தாளையோ துணியையோ கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். அதேபோல் கார்டு டியூப் மாட்டுவதற்கு முன்னால் ஐஸ் தண்ணீரைத் திறக்காதீர்கள், உள்பக்கமும் வியர்க்கும்.

இன்னொன்று, ஈதரை எதில் அளந்தீர்கள்? அகன்ற பீக்கரில் ஊற்றி வைத்திருந்தால், ஆவியாகும்போது ஈதர் குளிர்ந்து காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். நல்ல ஈதர்கூட மேசையில் கிடந்தே கெடும்.

மெக்னீசியம்_சீவல்

பீக்கரில்தான் மேடம். ஓவனில் இருந்து வெளியே எடுத்துக் குளிர வைத்ததும் திறந்த மேசையில்தான்.

ஹுட்_நம்பர்_3

ஓவனில் இருந்து சூடாக எடுக்கும்போதே மாட்டிவிட வேண்டும், கையுறை போட்டு. கார்டு டியூபும் போட்டுவிட்டு, மூடிய நிலையில் குளிர விடுங்கள். டெஃப்லான் சாவியும் ரப்பர் செப்டமும் ஓவனுக்குப் போகக் கூடாது, அவற்றை டெசிகேட்டரில் வையுங்கள். அசிட்டோனில் கழுவி அவசரமாகக் காயவைத்த கண்ணாடி வேண்டாம், மிச்சம் இருக்கும் அசிட்டோனும் கிரிக்னார்டைத் தின்னும். ஈதரில் கழுவிய கண்ணாடியை ஓவனில் வைப்பது அதைவிட ஆபத்து, உள்ளே கம்பிச் சுருள் சிவந்திருக்கும். குளிர்ந்த பிறகுதான் ஈதர். இல்லாவிட்டால் ஊற்றிய உடனே பொங்கும்.

குறுக்குவழி

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெக்னீசியத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிஷம் கழுவினால் ஆக்சைடு போய்விடுமே?

பழைய_ரியாக்டர்

போகும். அப்புறம் தண்ணீர், எத்தனால், ஈதர் என்று கழுவி வெற்றிடத்தில் காயவைக்க வேண்டும், உடனே பயன்படுத்த வேண்டும். மழை நாளில் அதற்குள் திரும்பவும் மங்கிவிடும். நான் செய்வது வேறு: ஓவனில் காய்ந்த கண்ணாடிக் கம்பியால் குடுவைக்குள்ளேயே இரண்டு மூன்று சீவலை நசுக்குவேன். ஈதருக்கு அடியில் புது உலோகப் பரப்பு திறக்கும், காற்று படாது. அழுத்துவது சீவலைத்தான், குடுவையின் அடியை இல்லை. விரிசல் விட்டால் கதை வேறு மாதிரி.

இப்போது சீவல் தம்பியோ தங்கையோ, உங்களுக்கான வழி. இந்தக் குடுவையைக் காப்பாற்றுவதை விடுங்கள். அந்த ஈதரில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் அதைத் தூண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திரவத்தை ஹாலோஜன் கழிவில் சேருங்கள், சீவலைத் தனியாகக் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் சிறிது சிறிதாகக் கரையுங்கள்.

புது ஈதரோடு, முதலில் ஒரு காய்ந்த சோதனைக் குழாயில் தொடங்குங்கள். இரண்டு மூன்று சீவல், 0.5 மி.லி. புரோமோபென்சீன், 1 மி.லி. ஈதர், அயோடின் ஒரு பொடி. கலக்காதீர்கள். தொடக்கத்துக்குச் செறிவு வேண்டும், கலக்கினால் சீவலைச் சுற்றிக் கலைந்துபோகும். ஐந்து நிமிஷத்தில் அசையவில்லை என்றால் சீவலை நசுக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1,2-டைபுரோமோஈத்தேன் இரண்டு சொட்டு. எத்திலீன் குமிழி வரும், சீவலின் மேல் சுத்தமான பரப்பு வரும். அது நச்சு, ஹுட்டுக்குள் கையுறையோடு மட்டும். அதுவும் மெக்னீசியத்தைத் தின்னும் என்பதால் பெரிய குடுவையில் போட நேர்ந்தால் சீவலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். குழாய் கலங்கிக் கொதித்ததும் அதை அப்படியே குடுவையில் இருக்கும் மெக்னீசியத்தின் மேல் ஊற்றுங்கள். குழாயில் பிடிக்கவில்லை என்றால் குடுவையைத் தொடவே வேண்டாம், ஈதரைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். பிடித்த பிறகு மீதிப் புரோமைடை ஈதரில் கலந்து, மெதுவான கொதிப்பு நிற்காத வேகத்தில் சொட்டு சொட்டாக. அவசரப்பட்டால் பைபீனைல் கூடும்.

கார்டு_டியூப்

நைட்ரஜன் இல்லாமலா? ஆக்சிஜன் பட்டாலும் கிரிக்னார்டு போகுமே.

பழைய_ரியாக்டர்

நைட்ரஜன் இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டால் கொதிக்கும் ஈதரின் ஆவியே காற்றைத் தள்ளி வைக்கும். லியோனில் 1900-ல் கிரிக்னார்டு அறிவித்த வினையை அதற்குப் பிறகு எத்தனையோ மாணவர் லேப்கள் ஈதர் ஆவியும் கார்டு டியூபும் மட்டும் வைத்துச் செய்திருக்கின்றன. THF-ல், அதுவும் கொதிக்க விடாமல் செய்தால், நைட்ரஜன் இல்லாமல் நான் செய்ய மாட்டேன்.

கார்டு_டியூப்

குறைந்த விளைச்சலை 'மாணவர் லேப்' என்று சொல்லி மன்னித்துக்கொண்டே இருக்கிறோம். நைட்ரஜன் பலூன் மாட்டுவது அவ்வளவு கஷ்டமா?

மெக்னீசியம்_சீவல்

நீங்கள் எல்லாரும் சொன்னபடி செய்தாகிவிட்டது.

பழைய பாட்டிலில் பொட்டாசியம் அயோடைடு சோதனையில் லேசான மஞ்சள் வந்தது. அதை அண்ணா ஒருவர் தனியாக எடுத்துக்கொண்டுபோய் வைத்துவிட்டார். புது பாட்டிலில் நிறம் இல்லை. கால்சியம் குளோரைடில் ஒரு நாள், அப்புறம் லேப் அசிஸ்டென்ட் சோடியம் பிழிந்து கொடுத்தார். முதல் நாள் குமிழி நன்றாகவே வந்தது. மறுநாள் கம்பியின் மேல் மங்கல் இருந்தாலும் ஓடு இல்லை.

சோதனைக் குழாயில் அயோடினுக்கு மட்டும் அசையவில்லை. சீவலை நசுக்கிய இடத்தில் இருந்து குமிழி வரிசையாகக் கிளம்பியது, அந்த இடம் முதலில் கருத்தது, கரைசல் பால் போலக் கலங்கிப் பழுப்பானது. டைபுரோமோஈத்தேன் தேவைப்படவில்லை. குடுவையில் ஊற்றியதும் 25 டிகிரி தண்ணீரில் இறக்கிப் பார்த்தோம், கொதிப்பு அடங்கவில்லை. கடைசியில் கொஞ்சம் சீவல் துண்டுதான் மிச்சம்.

பென்சோபீனோன் 9.1 கிராம் ஈதரில் விட்டதும் சிவந்து, அப்புறம் இளஞ்சிவப்பாகக் கட்டியானது. அமிலம் விட்டு, பெட்ரோலியம் ஈதரில் கழுவி, எத்தனாலில் படிகமாக்கியதில் 8 கிராம், உருகுநிலை 161–163. கழுவிய பெட்ரோலியம் ஈதரை ஆவியாக்கினால் வெள்ளைப் படிகம் கொஞ்சம் வந்தது. அது பைபீனைலா?

ஹுட்_நம்பர்_3

உருகுநிலை பாருங்கள். 69–71-ல் உருகினால் பைபீனைல். 48 பக்கம் உருகினால் வினைபுரியாத பென்சோபீனோன், அப்படியென்றால் கிரிக்னார்டு குறைந்திருக்கிறது. இரண்டும் கலந்திருந்தால் கீழேயே இளகிவிடும், டி.எல்.சி. போட்டுத்தான் சொல்ல முடியும்.

13 கிராமுக்கு 8 என்பது சுமார் 61 சதவீதம். பைபீனைல் என்றால் புரோமைடை விட்ட வேகத்தைக் குறையுங்கள். அடுத்த முறை கிரிக்னார்டை அளந்துவிட்டே பென்சோபீனோனைச் சேருங்கள். ஒரு மி.லி. எடுத்து அமில-காரத் தரம்பார்த்தல் செய்யலாம் என்று புத்தகங்களில் இருக்கும், ஆனால் அது தண்ணீரில் செத்துப்போன கிரிக்னார்டின் ஹைட்ராக்சைடையும் சேர்த்து எண்ணிவிடும். பீனான்த்ரோலின் போட்டு மென்தாலால் தரம் பார்த்தால் உயிரோடு இருப்பது மட்டும் தெரியும்.

குறுக்குவழி

அந்தப் பீனான்த்ரோலின் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க முடியுமா மேடம்? நிறம் எந்த இடத்தில் மாறும்?

ஹுட்_நம்பர்_3

கிரிக்னார்டு இருக்கும்வரை ஊதா கலந்த சிவப்பு. தீர்ந்ததும் நிறம் போய்விடும். மென்தாலையும் காய்ந்த ஈதரில்தான் கரைக்க வேண்டும், அதில் ஈரம் இருந்தால் அளவு கோளாறாகும். நாளை லேபில் செய்து படம் போடுகிறேன்.

கார்டு_டியூப்

நைட்ரஜன் பலூனோடு செய்து போடுங்கள். இரண்டு விளைச்சலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.